ஆவி விடுதல்

மாஸ்டருக்குக் கை இரண்டுதான். ஆனால் அந்தக் கைகளைப் பற்றி இருபது கதைகள் உண்டு. கொதிக்கிற எண்ணெயில் விழுந்த கரண்டியை விரலாலேயே எடுத்தவர். அண்டாவின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றால் சரியாக இரண்டே நிமிஷம். அடுப்பிலிருந்து எதை இறக்கினாலும் பிடிதுணி தேடாதவர். இதையெல்லாம் அவரே சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஆள் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார்.

இருபத்தோராவது கதை ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. மூன்று வருஷமாக அந்தக் கைகளுக்குச் சூடு தெரியாது. சர்க்கரை வியாதி பாதத்தில் ஆரம்பித்து, அங்கே தின்று முடித்துவிட்டு, விரல்களுக்கு ஏறியிருந்தது. கையில் கொப்புளம் இருப்பதைச் சாப்பாடு போடும்போது அவர் மனைவி பார்த்துச் சொன்னால்தான் அவருக்கே தெரியும். வீட்டுக்குத் தெரியும். சமையல்கூடத்துக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் மாஸ்டர் பதிலுக்கு வாய் திறந்தால் லேசில் மூடாது.

அவருக்கு ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டத்தோடு நிற்காமல் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்து அதற்கும் ஒரு சான்றிதழ் வாங்கி வந்தாள். மாஸ்டர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பேருக்குப் பரிமாறலாம்?" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு 'டிகிரி' என்றுதான் பெயர். "டிகிரி, வெங்காயம் உரிச்சாச்சா?" "டிகிரி, அண்டாவைக் கழுவு." பாராட்டு மாதிரியும் இருக்கும், செருப்படி மாதிரியும் இருக்கும்.

ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டரில் ஒரு தொழிற்சாலை. வருஷத்துக்கு ஒருமுறை நானூறு தொழிலாளர்களுக்கும் மைதானத்தில் மதியச் சாப்பாடு போடுவார்கள். ஐந்து வருஷமாக மாஸ்டர்தான். இந்த வருஷம் புது விதி வந்தது. சமையல் குழுவில் 'களப் பொறுப்பாளர்' என்று ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். அவரிடம் சான்றிதழ் இருக்கவேண்டும்.

மாஸ்டர் படிவத்தை அவள் முன்னால் போட்டார்.

"கையெழுத்தை மட்டும் போடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஏதாவது ஆச்சுன்னா யாரைப் பிடிப்பாங்கப்பா?"

"உன்னைத்தான். பின்ன எதுக்குப் படிக்கவெச்சேன்?"

சிரிக்காமல் சொன்னார். நானூறு பேரில் பத்துப் பேருக்கு வயிறு கலங்கினால் விசாரணைக்கு நிற்கப்போவது அவள். அதன்பிறகு எந்தச் சமையல்கூடத்திலும் அவளை ஈ ஓட்டக்கூட விடமாட்டார்கள். இருந்தும் கையெழுத்துப் போட்டாள். பெயர் என் பெயர் என்றால் வேலையும் என் வேலை என்று நினைத்துக்கொண்டு போட்டாள். மாஸ்டர் அப்படி நினைக்கவில்லை.

விழா அன்று காலையில் அவள் நான்கு மணிக்கே வந்துவிட்டாள். சூடு காக்கும் பெட்டிகள் ஒன்பது. சோற்றுக்கு நாலு, கோழிக் குழம்புக்கு மூணு, பருப்புக்கு ஒன்று, காய்க்கு ஒன்று. வெறும் பெட்டியில் சோற்றைக் கொட்டினால் பெட்டியே சூட்டைக் குடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றிலும் கொதிநீர் ஊற்றி அரை மணி மூடிவைத்து, பிறகு கவிழ்த்துவிட்டு, அந்தச் சூட்டோடு உணவை விளிம்புவரை நிரப்பினாள். நடுவில் வெப்பமானியைச் செருகினாள். கோழி தொண்ணூறு. சோறு எண்பத்தெட்டு. எழுதிக்கொண்டாள். மூடியை அழுத்திக் கொக்கிகளை மாட்டி, ஒவ்வொரு மூடியின் மேலும் ஒட்டுத்தாளில் பெரிய எழுத்தில் எழுதினாள்: திறக்காதே.

"யாருக்கும்மா இந்த போர்டு?" என்றார் மாமா. அம்மாவின் தம்பி. வேன் ஓட்டுவது அவர், மூட்டை தூக்குவது அவர், மாஸ்டரின் ஏச்சைத் தினமும் மூன்று வேளை வாங்கிக்கொள்வதும் அவர். "உங்கப்பனுக்கா? அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியும்ல மாமா? நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"நான் சொன்னா மச்சான் கேட்டுடுவாரு பாரு! போ மருமகளே, போ."

அடுப்பு, சிலிண்டர், மேஜை எல்லாம் ஏற்றிய சின்ன லாரியில் அவள் முன்னால் போயாக வேண்டும். சாப்பாட்டு வேன் பின்னால் வரும். அதில் மாஸ்டர். அவள் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

மைதானத்தில் அவளோடு முட்டை அக்காவும் இரண்டு ஆட்களும் இருந்தார்கள். எந்த விருந்திலும் ஆம்லெட் போடும் இடத்தில் நிற்பவள் என்பதால் அந்தப் பெயர். மூன்று பந்தல் போட்டிருந்தார்கள். சமையலுக்கு ஒதுக்கிய பந்தலுக்கு மூன்று பக்கமும் அலங்காரத் துணி கட்டி, பார்க்கக் கல்யாண மேடை மாதிரி இருந்தது.

"துணியை அவுத்துடுங்க," என்றாள்.

"அழகா இருக்கேம்மா," என்றான் பந்தல்காரன்.

"பத்திக்கிட்டா இன்னும் அழகா இருக்கும். அவுத்துடுங்க."

துணியை அவிழ்த்தாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தீ சாப்பிட வருகிறவர்கள் பக்கம் சாயாதபடி அடுப்புகளைத் திருப்பிவைத்தாள். காய்ந்த புல்லைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, தகரத்தை விரித்து, ஆடாத இடமாகப் பார்த்து மூன்று அடுப்புகள். இரண்டு பெரியவை அவசரத்துக்கு. ஒன்றின் மேல் ஆம்லெட் போட இரண்டு பிடி வைத்த கனத்த இரும்புக் கல். ஆட்கள் சிலிண்டர்களை நிழலுக்காகச் சாக்கடை ஓரம் பள்ளத்தில் இறக்கியிருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேஸ் கசிஞ்சா மேல போகாதுய்யா, கீழதான் இறங்கும். பள்ளத்துல தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். யாராவது பீடி பத்தவெச்சா முடிஞ்சுது கதை."

சிலிண்டர்கள் பந்தலுக்கு வெளியே மேட்டுக்கு வந்தன, நிமிர்த்தி, கம்பத்தோடு சங்கிலி போட்டு. குழாய் காலில் படாமல் பந்தலின் பின்பக்கமாகப் போயிற்று. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று முட்டை அக்காவும் அவளும் மாறி மாறிக் குனிந்து பார்த்தார்கள். ஒன்றில் வந்தது. கவ்வியை இறுக்கினாள். நின்றது. தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில், தீப்போர்வை அதன் பக்கத்தில். கை கழுவக் குழாய் வைத்த தண்ணீர் டிரம் இரண்டு. சுற்றிலும் கயிறு.

தொழிற்சாலையின் பாதுகாப்பு ஆபீசர் வந்து பார்த்தார். ஒல்லியான மனுஷன், கையில் அட்டை. சங்கிலியை ஆட்டிப் பார்த்தார், குழாயைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துல முதல் தடவையா எனக்கு எழுத ஒண்ணும் இல்லை," என்றார். "யாரு பொறுப்பாளர்?"

"நான்தான் சார்."

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு இனித்தது என்று கேட்கக்கூடாது.

பதினொன்றரைக்கு வரவேண்டிய வேன் வரவில்லை. பதினொன்றே முக்காலுக்கும் வரவில்லை. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும். ஊதியதும் நானூறு பேரும் வருவார்கள், ஒன்றரைக்குத் திரும்பி வேலைக்குப் போவார்கள். பின்னேயும் முன்னேயும் தள்ளமுடியாத ஒரு மணி நேரம். ஆம்லெட் கல் காயட்டும் என்று முட்டை அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். வேன் வந்து நின்றபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

பின்கதவைத் திறந்த மாமா வழுக்கி, விழாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வேன் தரை முழுக்கக் குழம்பு.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிகளைப் பார்த்தாள். மூன்று கோழிப் பெட்டிகளின் கொக்கிகளும் திறந்துகிடந்தன. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் பெட்டிக்கொரு கரண்டி செருகியிருந்தது. 'திறக்காதே' என்ற தாள் ஒன்று குழம்பில் ஊறி, எழுத்து கரைந்து ஒட்டிக்கிடந்தது.

"என்ன இது?"

"ஆவி விட்டேன்," என்றார் மாஸ்டர், முன்சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டே. "கோழியைச் சூட்டோட இறுக்கி மூடினா கமறிப்போகும். நாப்பது வருஷமா ஆவி விட்டுத்தான் கொண்டுபோறேன். உன் படிப்புல அதைச் சொல்லித்தரலையா?"

நாற்பது வருஷமாக அவர் கொண்டுபோனது நாலு தெரு தள்ளி. அதற்கு ஆவி விட்டாலும் ஒன்றுதான், பாட்டுப் பாடினாலும் ஒன்றுதான். இது நாற்பது கிலோமீட்டர், காற்று உள்ளே புகுந்து வெளியே போகிற வேன்.

"எப்போ திறந்தாரு மாமா?"

"டீ குடிக்க நிறுத்தினப்ப. பத்தே முக்கால் இருக்கும். வேண்டாம் மச்சான்னு சொன்னேன், நீ வண்டியை ஓட்டுடான்னாரு. நடுவுல லாரி கவுந்து ஜாம் வேற."

வெப்பமானியை எடுத்தாள். சோற்றின் நடுவில் எழுபத்தொன்று. பருப்பு, காய், பரவாயில்லை. கோழி: ஐம்பத்து நாலு. அடுத்தது ஐம்பத்தொன்று. மூன்றாவது, பாதி சிந்திப்போனது, நாற்பத்தொன்பது.

அறுபத்து மூன்றுக்குக் கீழே போன கோழி, கிருமிக்குப் போட்ட விருந்து. பத்தே முக்காலுக்குத் திறந்தது என்றால் கீழே இறங்கி அதிகம் போனால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் என்பதால் காப்பாற்றலாம். ஒரேயொரு முறை, வேகமாக, தளதளவென்று கொதிக்க வைத்தால். மூன்று பெட்டி, மூன்று அடுப்பு, அரை மணி நேரம். இந்த நொடியே ஆரம்பித்தால்.

"கொதிக்க வைக்கணும். அண்டாவுல ஊத்துங்க."

"யாரும் தொடாதீங்க," என்றார் மாஸ்டர். குரலை உயர்த்தவில்லை. ஆட்கள் நின்றார்கள். "சூடாத்தான் இருக்கு. பரிமாறுற தட்டுல ஊத்தி அடியில மெழுகு அடுப்பை வைங்க, தானா ஏறிடும்."

"அது இருக்கிற சூட்டைக் காப்பாத்தும்பா, புதுசா ஏத்தாது. வெதுவெதுன்னு வெச்சிருந்து நானூறு பேருக்கு விஷத்தைப் போடுறதுக்கா?"

"ஏய். வாயைக் கழுவு." பெட்டியின் பக்கத்தில் வந்து, முழங்கை வரை சட்டையை ஏற்றி, அதன் உள்விளிம்பில் கையை வைத்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்று சற்று நேரம் வைத்திருந்தார். "நல்ல சூடு. இந்தக் கை சொல்றதைவிட உன் பொம்மை சொல்றது பெருசா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆபீசர் வந்து நின்றார். "என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்லைங்க," என்றார் மாஸ்டர், பல்லெல்லாம் தெரிய. "பொண்ணு படிச்ச பொண்ணு. அந்த ஊசியை எங்கேயோ கீழ போட்டுட்டா போல, தப்பாக் காட்டுது. நீங்க போங்க, சாப்பாடு ரெடி."

டீக்கு வைத்த மின்சாரக் கெட்டில் ஒன்று பக்கத்து மேஜையில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வெப்பமானியை அதில் விட்டு ஆபீசர் முகத்துக்கு நேரே பிடித்தாள். தொண்ணூற்றொன்பது. எடுத்துத் துடைத்துக் கோழியில் விட்டாள். ஐம்பத்தொன்று.

"ஊசி சரியாத்தான் சார் இருக்கு."

"அப்போ நான் பொய் சொல்றேனா?" என்றார் மாஸ்டர். "நாலு பேர் முன்னாடி அப்பனைப் பொய்யன்னு சொல்றியா? எச்சில் தட்டு கழுவி உன்னைப் படிக்கவெச்சேன்டி. இப்போ அந்தத் தட்டுலயே துப்புறியா?"

இந்த இடத்தில் அவளுக்கு வேறு வழிகள் இருந்தன. ஆபீசரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை சார்' என்று மழுப்பி, கொதிக்கவைக்க உத்தரவு வாங்கியிருக்கலாம். நல்ல மகள் அப்படித்தான் செய்வாள். அவள் மேஜையிலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தாள். ஒன்றில் டிரம் தண்ணீர். இன்னொன்றில் பாதி கெட்டில் தண்ணீர், பாதி டிரம் தண்ணீர், சுடும், கொப்புளம் போடாது. இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"கண்ணை மூடுங்கப்பா. எது சுடுதுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா நான் இப்பவே கிளம்பிடறேன். நீங்களே பரிமாறுங்க."

முட்டை அக்கா "வேண்டாம் பாப்பா" என்றாள் மெதுவாக.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது கதை சொன்னவர், இருபத்தொன்றாவதை எப்படிச் சொல்வார்? கண்ணை மூடினார். அவள் டம்ளர்களை இடம் மாற்றினாள். அவர் இரண்டிலும் விரல்களைச் சுற்றிப் பிடித்தார். பிடித்தபடி நின்றார். நெற்றியில் வேர்த்தது. வலது கையைச் சற்று இறுக்கினார், இடதைத் தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். கணக்கு வராத பிள்ளை பக்கத்துப் பலகையைப் பார்க்கத் துடிப்பதுபோல இமை துடித்தது.

"வலது," என்றார்.

வலதில் இருந்தது பச்சைத் தண்ணீர்.

அப்புறம் மாமா சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் இருபது வருஷமாக வாங்கியது எல்லாம் அந்த ஒரு சிரிப்பில் வெளியே வந்தது. "மச்சான் கை ரொம்ப டீசன்ட்டு, யாரு மனசையும் நோகவைக்காது. பச்சைத் தண்ணியையும் சுடுதுன்னுது," என்றார். ஆட்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கினார்கள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். டம்ளர்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்.

ஆபீசர் அட்டையில் எதையோ எழுதினார். "பொறுப்பாளர் சொல்றபடி செய்யுங்க. கோழி கொதிச்சு, நான் ஊசியைப் பார்த்த பிறகுதான் பரிமாறணும்." மணியைப் பார்த்தார். பன்னிரண்டு ஆறு.

"பெரிய அடுப்பு ரெண்டுலயும் அண்டாவை ஏத்துங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, கரண்டியால் தகரத்தைத் தட்டின மாதிரி. "மாமா, மூணாவது பெட்டில சிந்தினது போக மிச்சத்தைக் கொண்டுவாங்க. அக்கா, ஆம்லெட் கிடையாது, அந்த அடுப்பும் வேணும். கல்லை இறக்கணும். கையுறை எங்கே?"

கையுறை லாரியில் இருந்தது. முட்டை அக்கா எடுக்க ஓடினாள். கனத்த பிடிதுணி மகளின் தோளில் கிடந்தது.

மாஸ்டர் நகர்ந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. மூலையில் போய் உட்காரு என்று சொல்லாமல் சொல்லிவிட்ட கூட்டத்துக்கு நடுவே அவர் தோளை நிமிர்த்திக்கொண்டு மூன்றாவது அடுப்பை நோக்கி நடந்தார். வேலைக்காரன் வேலையைத்தான் செய்வான். அடுப்பை அணைத்தார். கல்லின் இரண்டு பக்கமும் கையை நீட்டினார்.

கல் இருபது நிமிஷம் காய்ந்திருந்தது. அந்தச் சூட்டுக்கு இரும்பு நிறம் மாறாது. பார்க்க வெறும் கல்தான். பிடிகளும் அதே இரும்பு. அவள் பார்த்தாள். மூன்று அடி தள்ளி நின்று, நேருக்கு நேராகப் பார்த்தாள். தோளில் துணி இருந்தது. வாயில் 'அப்பா' என்ற சொல் இருந்தது. மூன்றெழுத்து. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிட அதிக நேரம் இருந்தது. எச்சில் தட்டு என்று சொன்னது காதில் இருந்தது. உன்னைத்தான் பிடிப்பாங்க, பின்ன எதுக்குப் படிக்கவெச்சேன் என்று சொன்னது இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் பிடித்தார். தூக்கினார். முகம் சுளிக்காமல், அவசரப்படாமல், நாலு எட்டு நடந்து, ஓரத்தில் விரித்திருந்த தகரத்தின் மேல் கல்லை வைத்தார். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார், பார்த்தீங்களா என்பதுபோல. ஒரு கணம் எல்லோருக்குமே பழைய மாஸ்டர் தெரிந்தார்.

அப்புறம்தான் வாசனை வந்தது. சமையல்காரர்களுக்கு அந்த வாசனை என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று பெட்டிக் கோழியும் இன்னும் பெட்டியில்தான் இருந்தது.

"ஐயோ, கை! மாஸ்டர், கை!" கையுறைகளோடு ஓடிவந்த முட்டை அக்கா அவற்றைக் கீழே போட்டாள்.

அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தார், யாருடைய கைகளோ என்பதுபோல. உள்ளங்கைத் தோல் பிடியோடு போயிருந்தது.

இப்போது அவளுக்குக் கால் வந்தது, வாய் வந்தது, எல்லாம் வந்தது. அவரை இழுத்துக்கொண்டுபோய் டிரம் குழாயைத் திறந்து கைகளை அதன் கீழே பிடித்தாள். யாரோ எண்ணெய் என்றார்கள், யாரோ மாவு என்றார்கள். "ஒண்ணும் போடக்கூடாது. தண்ணி மட்டும். இருபது நிமிஷம்." விரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றினாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பதில் தெரியும்.

"மாமா, பிடிங்க. குழாயை மூடக்கூடாது, கையை எடுக்கக்கூடாது. முடிஞ்சதும் சுத்தமான பிளாஸ்டிக் தாளைச் சுத்துங்க, இறுக்காம."

சிரித்த மாமா இப்போது அழுதுகொண்டே மச்சானின் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் அடுப்புக்குத் திரும்பினாள். திரும்பாமல் என்ன செய்வாள்? பன்னிரண்டு பத்து. மூன்று அண்டாவும் ஏறின. அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறினாள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடி ஓடி. முதல் அண்டா தளதளத்தது: தொண்ணூற்று நாலு. இரண்டாவது தொண்ணூற்றொன்று. சங்கு ஊதியபோது மூன்றாவதின் நடுவில் எண்பத்தாறு. ஆபீசர் ஒவ்வொன்றிலும் ஊசியைப் பார்த்துத் தலையாட்டினார்.

நானூறு பேரும் சாப்பிட்டார்கள். சிந்தியது போக கோழி கொஞ்சம் பற்றாமல் போய்க் கடைசி வரிசைக்கு ஆளுக்கு ஒரு துண்டுதான். "ஆம்லெட் எங்கேம்மா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "கல் காயலை," என்றாள் முட்டை அக்கா. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலுதவி அறை வெள்ளையாக, குளிராக இருந்தது. மாஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் பிளாஸ்டிக் தாள் சுற்றி மடியில் கிடந்தன, சந்தையில் கட்டிக்கொடுத்த எதையோ போல. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. நர்ஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: ஆழமான காயம், சர்க்கரை வேறு, விரல்கள் தப்புமா என்பதை ஆஸ்பத்திரியில்தான் சொல்வார்கள்.

ஆபீசர் விபத்துப் படிவத்தோடு வந்தார். "பொறுப்பாளர்தான் நிரப்பணும். நான் கேக்கறேன், நீங்க எழுதுங்க." இடம், நேரம், பொருள் எல்லாம் எழுதினாள். "பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தரப்பட்டதா?"

பேனா நின்றது.

"ஆம், இல்லைன்னு எழுதினாப் போதும்மா," என்றார் ஆபீசர்.

"சொன்னா சார்," என்றார் மாஸ்டர்.

அவள் நிமிர்ந்தாள்.

"கல்லு சூடா இருக்குப்பா, தொடாதீங்கன்னு கத்தினா. நான்தான் கேக்கலை. தலைக்கனம். எழுதிக்கோம்மா."

ஆபீசர் அவர் தோளை மெல்லத் தொட்டார். "கவலைப்படாதீங்க. பொண்ணு இன்னைக்கு நானூறு பேரைக் காப்பாத்தியிருக்கு." வெளியே வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப்பார்க்கப் போனார்.

அறையில் அப்பாவும் மகளும் மட்டும். அவள் இன்னும் எழுதவில்லை.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? இல்லைன்னு எழுதினா உன்னை உள்ள வைப்பாங்க. தொழிலை யாரு நடத்துறது? உங்க மாமனா?" பேச்சு வழக்கம்போலவே இருந்தது, கொஞ்சமும் தழுதழுக்கவில்லை. "நீ நின்னதைப் பார்த்தேன். கல்லைப் பிடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ சொல்லுவேன்னு நினைச்சேன். நீ சொல்லலை. அதனால கல்லு இன்னும் காயலைன்னு நினைச்சுப் பிடிச்சேன்."

அவள் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என் கைக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு நாலு பேருக்கு நிரூபிச்சிட்டியே. அப்புறம் நான் எதை நம்பிப் பிடிக்கறது? உன் முகத்தைத்தான்." மடியில் கிடந்தவற்றைப் பார்த்தார். "பரவாயில்லை. நான் பயந்துட்டே இருந்தேன், இது படிச்ச பொண்ணு, மனசு இளகின பொண்ணு, ஆளுங்களை எப்படி மேய்ப்பான்னு. இனிமே பயமில்லை. நல்லா வருவே. என்னைவிட நல்லா வருவே."

வெளியே வண்டிக் கதவு திறந்தது.

"எழுது," என்றார் மாஸ்டர்.

அவள் 'ஆம்' என்று எழுதினாள். கீழே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டாள்.